மருந்து அனுப்பும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைத் தலைவருக்கு, கோத்தகிரியிலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

விஷயம் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது, மறுபடி முழுக்க எழுதவில்லை. மழையில் சாலை அடைபட்டு, அப்பாவின் இன்சுலின் பெட்டி மேட்டுப்பாளையம் குடோனில் கிடந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று உங்கள் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறீர்கள். ஐஸ் ஜெல் உருகியிருக்குமே, பெட்டி வந்தால் வாங்கிக்கொள்ளலாமா, வேண்டாமா என்று கேட்டேன். கையிலிருப்பது வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது என்பதையும் எழுதியிருந்தேன்.

வந்த பதில்: "தங்கள் மனவருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். தங்கள் பொறுமைக்கு நன்றி." வாங்கலாமா என்பதற்குப் பதில் இல்லை. திரும்பக் கேட்டதற்கும் அதே மூன்று வரி, கீழே வேறொருவர் பெயர். பக்கத்து வீட்டு அக்கா சத்து மாவு டப்பா உடைந்து வந்ததாக எழுதியபோதும் இதேதான் வந்ததாம். உடைந்த டப்பாவுக்கும் கெட்டுப்போன இன்சுலினுக்கும் உங்களிடம் ஒரே மனவருத்தம்தான் போல.

பதில் எழுதும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. என் அக்கா மகள் கோயம்புத்தூரில் இதே வேலை பார்த்தவள். "அனுதாப வரி சொன்னாரா?" என்று மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் இருக்கும், ஒரு கடிதத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கும் இருக்கும், அதனால் ஆயத்த வரியை ஒட்டினால் கட்டம் நிரம்பிவிடும், கடிதத்தைப் படித்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை என்றாள். ஆக, வாடிக்கையாளர் எழுதியதிலிருந்து ஒன்றையாவது எடுத்துச் சொன்னாரா என்று அந்தக் கட்டத்தை மாற்றுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

எனக்கு இப்படி வந்திருந்தால் போதும்: "வெள்ளிக்கிழமையோடு அப்பாவின் மருந்து தீர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடோனில் குளிர்பதன வசதி இல்லை, அந்தப் பெட்டியை வாங்காதீர்கள். தவறு எங்களுடையது. பணம் இன்றே திரும்ப வரும். புதுப் பெட்டி வெள்ளிக்குள் வருமென்று உறுதி சொல்ல முடியவில்லை, அதனால் உள்ளூர்க் கடையில் வாங்கிவிடுங்கள்." இதில் வருத்தம் என்ற சொல்லே இல்லை. ஆனால் யாரோ படித்திருக்கிறார் என்று தெரிகிறது, அடுத்து என்ன செய்வதென்றும் தெரிகிறது. முடியாததை முடியாது என்று சொன்னதற்காகவே நான் நம்பியிருப்பேன்.

மலைக்கு மேலே ஆள் இருக்கிறார்கள் என்பதே டெலிவரிக் கட்டணம் வசூலிக்கும்போதுதான் உங்களுக்கு ஞாபகம் வருகிறது. சரி, அதை இன்னொரு மடலில் பார்த்துக்கொள்கிறேன்.

தயவுசெய்து அந்தக் கட்டத்தை மாற்றுங்கள். அனுதாபம் ஒரு வரி போதும், அதுவும் முதல் கடிதத்தில் மட்டும். அப்புறம் "ஏற்பட்டிருந்தால்" என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள், ஏற்பட்டதால்தான் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர் ஒருவர்