இலாபம் மட்டும் அளவுகோல் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் நான் அங்கத்தவராக உள்ள சிக்கன கடனுதவிச் சங்கமொன்றின் பணிப்பாளர் சபை, இலாபம் கூடியதை மட்டும் பார்த்து, அதன் பொது முகாமையாளருக்கு முழு ஊக்கக் கொடுப்பனவையும் வழங்கியது. கணக்கறிக்கையை வரிவரியாகப் பார்த்தபோது, தவணை தவறிய கடன்களைப் புதிய கடன்களாக மாற்றி எழுதி, அறவிட முடியாக் கடனுக்கான ஒதுக்கத்தைக் குறைத்ததால்தான் அந்த இலாபத்தின் பெரும்பகுதி வந்தது என்பது தெரிந்தது. வட்டி வருமானமாகப் பதியப்பட்டதே தவிரக் காசாக வந்து சேரவில்லை. ஆகவே, முகாமையாளரின் நிதிப் பொறுப்பை மதிப்பிடும்போது பணிப்பாளர் சபை, மாற்றி எழுதப்பட்ட கடன்களின் பட்டியலை உள்ளகக் கணக்காய்வாளரிடமிருந்து நேரடியாகவே பெற வேண்டும்; முகாமையாளர் தயாரித்துத் தரும் அறிக்கை போதாது.

அதே ஆண்டில் 6 கிளை முகாமையாளர்களில் 3 பேர் விலகினார்கள். கடனை மாற்றி எழுத மனம் ஒப்பாததாலேயே விலகியதாக அவர்களில் ஒருவர் என்னிடம் கூறினார். விலகியவர்களைச் சபைத் தலைவர் நேரில் சந்தித்திருந்தால், ஊழியரை வழிநடத்துவதில் இருந்த குறையோடு நிதியில் இருந்த குறையும் அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

வலிகாமத்தின் சிறு விவசாயிகளுக்குக் கடனை விரிவாக்கும் திட்ட இலக்குக்கோ தொகையும் காலமும் எழுதப்படவே இல்லை. அது நிறைவேறியதா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டுக்கான இலக்குகளைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்து, ஊக்கக் கொடுப்பனவின் ஒரு பகுதியை அந்த ஆண்டில் கொடுக்கப்படும் கடன்கள் அறவாகும்வரை நிறுத்திவைக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

அங்கத்தவர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.