பாப்பாவுக்கு 0.3 ஏன் சின்னதாகத் தெரிகிறது

அன்புள்ள ராசாத்தி,

0.3-ஐ விட 0.25 தான் பெரியது என்று பாப்பா அடம்பிடிப்பதாக நேற்று போனில் புலம்பினாயே, அவளைத் திட்டாதே. போன மாதம் என் ஆறாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதையே சொன்னார்கள், அதற்குக் காரணம் நான்தான்.

நானும் பி பிரிவு டீச்சரும் ஒரே நாளில் தசம எண்களைத் தொடங்கினோம். பாடம் ஒன்று, பாடக்குறிப்பு வேறு. நான் ரூபாய், பைசாவில் ஆரம்பித்தேன். 12.50 என்றால் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசா, கடை பில் மாதிரி கூட்டு, கழி. ஒரே பாடவேளையில் பதினைந்து கணக்கு, எல்லாம் சரி. அவரோ பிள்ளைகளுக்கு ஒரு மீட்டர் காகித நாடாவைக் கொடுத்து, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுப் பத்துப் பங்காக்கி, அப்புறம் ஒவ்வொரு பங்கையும் மறுபடி பத்தாகப் பிரிக்கச் சொன்னார். மணி அடித்தபோது மூன்று கணக்குதான் முடிந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

மறுநாள் இரண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வி: 0.3, 0.25 இதில் எது பெரியது? 0.75, 0.5 இதில் எது பெரியது?

முதல் கேள்வியில் என் பிள்ளைகள் கவிழ்ந்தார்கள். "மூணு பைசா எப்படி டீச்சர் இருபத்தஞ்சு பைசாவை விடப் பெரிசாகும்?" என்றான் ஒருவன். பணத்தில் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம் எழுதியே பழக்கியிருக்கிறேன், அதனால் 0.3 அவனுக்கு மூன்று பைசா. இரண்டாவதை எல்லோரும் சரியாக எழுதினார்கள், ஆனால் 75 ஐந்தை விடப் பெரியது என்ற தப்பான காரணத்துக்காக.

அவர் வகுப்பில் முதல் கேள்வி சுலபமாகப் போய்விட்டது. இரண்டாவதில் ஆறு பேர் 0.5 தான் பெரியது என்று எழுதியிருந்தார்கள். நூறில் ஒரு பங்கு சின்னத் துண்டுதானே, அதனால் இலக்கம் கூடினால் எண் சிறுக்கும் என்று நினைத்துவிட்டார்கள். துண்டின் அளவைப் பார்த்தவர்கள் எத்தனை துண்டு என்று எண்ணவில்லை. முதல் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் அவருக்கும், இரண்டாவதை மட்டும் கேட்டிருந்தால் எனக்கும் இது தெரிந்தே இருக்காது.

அப்புறம் அவருடைய நாடாவை நானும் கடன் வாங்கினேன். மூன்று பெரிய பங்கில் முப்பது சின்னப் பங்கு இருப்பதை விரல் வைத்து எண்ணிய பிறகுதான் 0.3-ம் 0.30-ம் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் தன் ஆறு பேரை உட்காரவைத்து, 75 சின்னப் பங்கு வரை ஒரு கோடும், 50 வரை ஒரு கோடும் போடச் சொன்னார்.

வீட்டில் தையல் டேப் இருக்குமே, அதில் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி நூறு வரை எடுத்துக்கொள். இரண்டு கேள்வியையும் கேள். சரி, தப்பு சொல்வதற்கு முன்னால் ஏன் என்று கேட்டுவிடு. அவள் சொல்லும் காரணத்தை அப்படியே ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்.

அம்மா