749 ரூபாய் எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் முதல் தேதியிலிருந்து நம் இணையக் கடையில் 749 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்குவோருக்கு அனுப்பும் செலவு கிடையாது. அதற்குக் கீழே வாங்கினால் 50 ரூபாய். இதுவரை அந்த எல்லை 499 ஆக இருந்தது உங்களுக்குத் தெரியும். கூரியர்காரர்கள் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் சில நாட்களாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது என் கைப்பேசிக்கே மூன்று பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டதால், கணக்கை விரித்தே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செய்தி சொல்வது இதுதான்: "மதுரைக் கடைக்கு நேரில் போனால் 200 கிராம் பருப்புப் பொடி 120 ரூபாய். இணையத்தில் 130. கூரியர் காசை விலையிலேயே ஏற்றி வாங்கிவிட்டு, இலவசம் என்று ஏமாற்றுகிறார்கள்." விலைகள் இரண்டும் சரி. சொல்லப்பட்ட காரணம்தான் தவறு. கடைக்கு வருபவர் பையைக் கொண்டுவருகிறார், நானோ என் தம்பியோ பொடியை எடுத்துக் கொடுக்கிறோம், கதை முடிந்தது. இணையத்தில் பணம் செலுத்தும்போது அந்த வசதியைத் தரும் நிறுவனம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் எடுத்துக்கொள்கிறது. 130 ரூபாயில் அது 2 ரூபாய் 60 காசு. நான்கு பாக்கெட் போகும் அட்டைப்பெட்டி, காற்றுக்குமிழித் தாள், டேப், முகவரி ஒட்டும் தாள் எல்லாம் சேர்ந்து 22 ரூபாய், அதாவது பாக்கெட்டுக்கு 5 ரூபாய் 50 காசு. மொத்தம் 8 ரூபாய் 10 காசு போய்விட்டது. மிச்சம் இருக்கும் 1 ரூபாய் 90 காசில்தான், வழியில் கிழிந்து வரும் பாக்கெட்டுக்கு மாற்றுப் பாக்கெட் அனுப்புகிறோம். அந்தப் பத்து ரூபாயில் கூரியருக்கு என்று காலணாக்கூட இல்லை. எழுதியவர் யாராக இருந்தாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். சரி, போகட்டும்.

இனி கூரியர். தமிழ்நாட்டுக்குள் எங்களுக்கு இப்போது முதல் அரைக் கிலோவுக்கு 45 ரூபாய், அதற்குமேல் ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் 20 ரூபாய். சென்ற ஆண்டு இது 38, 15 என்று இருந்தது. (ஜி.எஸ்.டி. தனி. அதை எங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்வதால் இங்கே சேர்க்கவில்லை.) எடை 1 கிலோ 10 கிராம் என்றாலும் ஒன்றரைக் கிலோவுக்கான காசுதான். ஆட்டோவில் ஒருவர் போனாலும் மூவர் போனாலும் வாடகை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதுபோல, முதல் அரைக் கிலோதான் விலை அதிகம். பின்னால் ஏறுகிறவை மலிவு. பெரிய கூடை தன் அனுப்பும் செலவைத் தானே தாங்கும் என்பதற்கு அடிப்படை இவ்வளவுதான்.

நம் கடையில் அதிகம் போகும் பார்சல் நான்கு பாக்கெட் பொடி, 520 ரூபாய். எல்லை 499 ஆக இருந்ததால் பலரும் அதைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்கிறார்கள். யாரும் செய்வதுதான், குறை சொல்லவில்லை. பருப்பு, மிளகாய், வறுப்புக்கூலி, அரைப்பு, உறை, வரி எல்லாம் போக ஒரு பாக்கெட்டில் 39 ரூபாய் நிற்கும். நான்குக்கு 156. இதில் பணம் செலுத்தும் வசதிக்கு 10, பெட்டிக்கு 22. பொடி 800 கிராம், பெட்டியோடு 950 கிராம், ஆகவே கூரியருக்கு 65. கையில் நிற்பது 59 ரூபாய். ஒரு பார்சலுக்கு விழும் கட்டுக்கூலி, கிடங்கு வாடகை, இணையதளச் செலவு எல்லாம் சேர்ந்தால் எழுபதைத் தொடும். பழைய கூரியர் கட்டணத்தில் 71 நின்றது, சமாளித்தோம். இப்போது ஒவ்வொரு 520 ரூபாய்ப் பார்சலுக்கும் 11 ரூபாயைக் கையிலிருந்து வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதே வாடிக்கையாளர் ஆறு பாக்கெட் வாங்கினால் 780 ரூபாய். நிற்பது 234. வசதிக் கட்டணம் 16, சற்றுப் பெரிய பெட்டி 25, எடை 1 கிலோ 400 கிராம் என்பதால் கூரியர் 85. மீதி 108. இப்போது நான்கு பாக்கெட் வாங்கி 50 ரூபாய் அனுப்பும் செலவும் கொடுப்பவரின் பார்சலைப் பாருங்கள்: 156 உடன் 50 சேர்ந்து 206, அதில் 11, 22, 65 போக மீதி அதே 108. இந்த இரண்டும் சமமாக வரும் இடத்தைத்தான் தேடினோம். கூடுதலாக வாங்கும் இரண்டு பாக்கெட்டிலிருந்து, அவற்றுக்கான கூரியர், பெட்டி, வசதிக் கட்டணம் போக எங்களுக்கு நிற்பது 49 ரூபாய். நீங்கள் வாங்காவிட்டால் கொடுக்கச் சொல்லும் 50 ரூபாயிலும் வசதிக் கட்டணம் போக நிற்பது அதே 49. 50 ரூபாய் வசூலில் நாங்கள் கொழிக்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் என் பதில். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்கு ஒன்றுதான். 570 ரூபாயில் நான்கு பாக்கெட்டா, 780 ரூபாயில் ஆறா என்பது உங்கள் சமையலறை முடிவு செய்ய வேண்டியது.

கணக்கர் முதலில் 999 என்றுதான் சொன்னார். சராசரி பில் தொகை 870 வருகிறது, அதைவிடக் கொஞ்சம் மேலே வையுங்கள் என்பது அவர் வாதம். சராசரியை நம்பக்கூடாது என்பது என் பக்கம். தீபாவளிக்கும் கல்யாணச் சீருக்கும் மூவாயிரம், நாலாயிரம் என்று வாங்குகிறவர்கள் அந்தச் சராசரியை மேலே இழுத்துவிடுகிறார்கள். பில்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சரிபாதி 560 ரூபாய்க்குக் கீழே இருக்கிறது. அவர்களிடம் 999 என்றால் எட்டுப் பாக்கெட் வாங்கச் சொல்வதாகும். வறுத்து அரைத்த பொடி இரண்டு மூன்று மாதத்தில் மணம் இழந்துவிடும். தனியாக இருக்கும் ஒருவர் எட்டுப் பாக்கெட்டைத் தீர்ப்பதற்குள் கடைசி இரண்டும் சவசவவென்று ஆகிவிடும், அந்தக் கெட்ட பெயரும் எங்களுக்குத்தான் வரும். இப்போது வாங்குவதற்கு மேலே ஒன்றிரண்டு பாக்கெட்டில் எட்டும் தூரத்தில் எல்லை இருந்தால்தான் மனிதர்கள் அதை எட்டுவார்கள். அதைவிடத் தள்ளி வைத்தால் கூடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பொடிக்குச் சொன்ன கணக்கு எண்ணெய்க்குப் பொருந்தாது. மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 290 ரூபாய், அதில் எங்களுக்கு நிற்பது 52. எண்ணெய் 910 கிராம்தான், ஆனால் பாட்டிலோடு ஒரு கிலோவைத் தாண்டிவிடும். மூன்று பாட்டில் 870 ரூபாய், எல்லையைத் தாண்டிவிட்டது, நிற்பது 156. கூரியர் மட்டுமே 165! கூடை பெரிதானாலும் தன் அனுப்பும் செலவைத் தாங்காத பொருள் இது. ரூபாயில் வைக்கும் எல்லைக்கு எடை தெரியாது. எனவே எண்ணெயில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று வரை 749 கணக்கில் சேரும், அதற்குமேல் லிட்டருக்கு 40 ரூபாய் தனி. இந்த 749 தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும்தான், வெளியே எல்லை 1,199.

கூழ் வடகத்தில் எதிர்ப்பக்கச் சிக்கல். அது எடையில் ஒன்றுமில்லை, இடத்தைத்தான் அடைக்கும். கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் வடகம் ஒன்றேகால் கிலோதான் இருக்கும், பில் வருவதோ மூன்று கிலோவுக்கு. அதே பெட்டியின் உயரத்தை 12 ஆகக் குறைத்தால் 1 கிலோ 800 கிராமாக இறங்கிவிடும், நாங்கள் 145 கொடுத்த இடத்தில் 105 போதும். வடகப் பெட்டி இப்போது தட்டையாக வருவதும், முன்போல உள்ளே காகிதம் திணிக்காமல் இறுக்கமாக இருப்பதும் இதனால்தான். "பெட்டி சின்னதாகிவிட்டது, சரக்கைக் குறைத்துவிட்டீர்கள்" என்று ஓர் அம்மா கேட்டார். தராசில் வைத்துப் பாருங்கள் அம்மா, 200 கிராம் 200 கிராமாகத்தான் இருக்கும்.

749 சரியான எண்தானா என்பதை மூன்று மாதம் பார்க்கப்போகிறோம். பில்கள் 750 முதல் 800 வரை குவியத் தொடங்கினால் எண் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். அனுப்பும் செலவு கண்ணில் படும் அந்தக் கடைசித் திரையில் கூடையைக் கைவிட்டுப் போகிறவர்கள் முன்பைவிடக் கூடினால் எண் அதிகம், 699 ஆக இறக்கிவிடுவேன். பில் தொகை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்து மகிழ மாட்டோம். எண்ணெயால் பில் ஏறி, பார்சலுக்கு மிஞ்சும் காசு இறங்கவும் கூடும். மிஞ்சுவதைத்தான் வாரம்தோறும் எழுதி வைக்கிறோம்.

விலையை ஏற்றி எல்லையை அப்படியே விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் ஏற்றினால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாதம் தவறாமல் ஆயிரத்துக்கு வாங்கும் குடும்பங்கள், சின்னப் பார்சல்களின் கூரியர் காசையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் செய்தியில் எங்கள்மேல் சுமத்திய பழியும் அன்றைக்கு உண்மையாகிவிடும்.

பொதுமுடக்க நாட்களில் கூரியர் பத்து நாள் தாமதமானபோதும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் காத்திருந்தவர்கள் நீங்கள். அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கு எடுத்துப்போக வேண்டுமென்று நம் பொடியைத் தேடி வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே கூடையில் போடுகிறவர்கள், உப்பு ஒரு கல் கூடினால் உரிமையோடு அழைத்துச் சொல்கிறவர்கள் என்று உங்களை நம்பித்தான் கடை நடக்கிறது. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இந்த மாதக் கடைசி நாள் இரவு வரை வரும் ஆர்டர்களுக்குப் பழைய 499 எல்லையே. புதிய எல்லைக்குக் கொஞ்சம் குறைகிறது என்றால் தேவையில்லாத பொருளைப் போட வேண்டாம். 55 ரூபாய்க்குச் சுக்குமல்லிக் காப்பிப் பொடியும் 40 ரூபாய்க்கு மோர்மிளகாயும் சிறு பாக்கெட்டில் போட்டிருக்கிறோம். அதுவும் வேண்டாமென்றால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே முகவரிக்கு ஆர்டர் கொடுங்கள். பெயர் எழுதித் தனித்தனி உறையில் போட்டு, ஒரே பெட்டியில் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
மதுரை