துணை விமானி மூன்று முறை சொன்னார்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமான விபத்து என்றதும் இயந்திரக் கோளாறைத்தான் முதலில் நினைக்கிறோம். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூரு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் அப்படி எதுவும் இல்லை. பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கிவிட்ட கேப்டன், இறங்கும் நேரத்தில் அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தார். தவறைக் கண்ட துணை விமானி, இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது ஓடுபாதையில் பாதிக்கும் மேல் கடந்துவிட்டது. பிரேக் பிடித்த பிறகு மறுபடி எழும்ப முயன்றதில் விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். இறங்கியதுமே எஞ்சினின் எதிர்விசையோடு பிரேக்கையும் முழுதாகப் பிடித்திருந்தால்கூட நின்றிருக்கும் என்றது விசாரணை.

விமானி அறை ஒருங்கிணைப்புப் பயிற்சியில் ‘தப்பு’ என்று சொல்லத் துணை விமானிக்குக் கற்றுத்தருகிறார்கள். சரி, சொல்லியும் கேட்காவிட்டால்? அடுத்த படி, ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்று சொல்லி விமானத்தை அவரே கையில் எடுப்பது. அன்று நடக்காதது அதுதான். மூத்தவர் கையிலிருப்பதைப் பறிக்க நம் ஊரில் யாருக்குத்தான் மனம் வரும்? சிமுலேட்டரில் வேண்டுமென்றே தவறாக இறங்கும் கேப்டனோடு இதைப் பலமுறை பழக்க வேண்டும். முதல் எச்சரிக்கையிலேயே மேலே ஏறுகிறாரா என்று கேப்டனையும் சோதிக்க வேண்டும்.

— ஒரு வாசகர், மதுரை