வில்லன் கோதண்டம் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிறுகதைப் போட்டிக்கு எழுதுகிறவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் வில்லனுக்குப் பெயர் வைப்பது பற்றி ஒரு பத்தி. க, ட, ப என்று வல்லின எழுத்துகளை நெருக்கி அடுக்கி, முன்னால் வடசென்னைப் பேட்டை ஒன்றின் பெயரைச் சேர்த்துவிட்டால் படிக்கிறவருக்குப் பயம் தானாக வந்துவிடுமாம். எடுத்துக்காட்டும் கொடுத்திருந்தார் கட்டுரையாளர்: கொருக்குப்பேட்டை கோதண்டம்.

நான் கொருக்குப்பேட்டையில் 67 வருடமாக இருக்கிறேன். பெயர் கோதண்டம். ரயில்வே கேட் போட்டால் கூட்ஸ் வண்டி போகிறவரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பேனே தவிர, இதுநாள்வரை என்னைக் கண்டு ஒருவரும் பயந்ததில்லை, என் வீட்டம்மா உட்பட. கோதண்டம் என்பது இராமபிரான் கையிலிருந்த வில் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வில்லை உடையவன் வில்லன் என்று கட்டுரையாளர் இலக்கணம் பார்த்திருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இது புதிதும் இல்லை. உங்கள் இதழில் வரும் கதைகளில் கொலை என்றால் காசிமேடு, கஞ்சா என்றால் வியாசர்பாடி. படம் போடுகிறவர் கட்டம் போட்ட லுங்கியும் கன்னத்தில் ஒரு தழும்பும் வரைந்து வைத்திருக்கிறார், ஊரை மட்டும் மாற்றிக்கொள்கிறார் போலிருக்கிறது. ஒரு காலத்துப் படங்களில் அடியாள் என்றால் கபாலி. அது மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயர். அதே பெயரை மயிலாப்பூரில் வைத்தால் பக்தி, மூலக்கொத்தளத்தில் வைத்தால் பிக்பாக்கெட். இதைப் பற்றி மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன். பாதியை வெட்டி, பாராட்டாக இருந்த மீதியை மட்டும் போட்டீர்கள்.

ஊர்ச் சண்டை இருக்கட்டும், அந்த வல்லின விதியே தப்பு. தங்கசாலைப் பக்கம் ஒரு அச்சகத்தில் 31 வருடம் பிழை திருத்தியவன் நான். தமிழில் மிகப் பெரிய வில்லன்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இராவணன். இரணியன். இரண்டு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பாருங்கள், ஒரு வல்லினம் அகப்படாது. எல்லாம் இடையினமும் மெல்லினமும்தான். கூத்தில் இரணியன் வேஷக்காரர் அந்தப் பெயரை இழுத்துச் சொல்லும்போது சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழுததை நானே பார்த்திருக்கிறேன். வல்லினம் வேண்டுமானால் கட்டபொம்மன் பெயரைப் பாருங்கள், ககரமும் இரட்டை டகரமும் பகரமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவர் வில்லனா?

கட்டுரையாளர் விஞ்ஞானத்தையும் துணைக்கு அழைத்திருந்தார், ஓசைக்கும் உருவத்துக்கும் உள்ள சம்பந்தம் பற்றிய ஒரு சோதனை. 1929-இல் கோலர் என்ற ஜெர்மன் அறிஞர் தொடங்கி வைத்தது, 2001-இல் ராமச்சந்திரனும் ஹப்பர்டும் அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் செய்து பார்த்தது. முள் முள்ளாக ஒரு படம், உருண்டையாக ஒரு படம். எது கிக்கி, எது பூபா என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் முள்ளுக்குத்தான் கிக்கி என்றார்கள். சரிதான். ஆனால் அதில் தெரிவது எந்த ஓசை கூர்மை என்பதுதான். எது கெட்டது என்று யாரும் கேட்கவில்லை. கிக்கி என்று ஒரு ரவுடிக்குப் பெயர் வைத்து எங்கள் தெருவில் விட்டுப் பாருங்கள், பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. தமிழில் எழுத்தை எண்ணி ஓசையைக் கணக்கிட முடியாது. பக்கம், பங்கு, அகம் மூன்றிலும் ஒரே ககரம்தான், மூன்றும் வாயில் வேறு வேறு. என் பெயரையே சொல்லிப் பாருங்கள். முதல் ககரம் ஒன்றுதான் வன்மை. தகரம் இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிக்கொண்டு மென்மையாகிவிடும், டகரம் ணகரத்துக்குப் பின்னால் வருவதால் மணி அடித்த மாதிரி அதிரும். கட்டுரையாளர் கண்ணால் எண்ணியிருக்கிறார், காதால் கேட்கவில்லை.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. 1986 பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்கள் நடிக்க ஒரு நாடகம் எழுதினேன். வட்டிக்கு விட்டுக் குடும்பங்களை அழிக்கிற ஒருவன் கதை. அவனுக்கு நான் முதலில் வைத்த பெயர் கட்டாரி கோட்டப்பன். உங்கள் கட்டுரையாளர் கேட்டிருந்தால் முதல் பரிசு கொடுத்திருப்பார். ஒத்திகை பார்க்க வந்த வாண்டுகள் அரைமணி நேரத்தில் அதற்கு மெட்டுப் போட்டுவிட்டார்கள். கட்டாரி கோட்டப்பன், தட்டாத கோட்டப்பன் என்று தகர டின்னில் தாளம் வேறு. அன்றைக்குத்தான் உறைத்தது. கடகட, தடதட, படபட, மடமட என்று வண்டி ஓடுவதற்கும் கதவு தட்டுவதற்கும் தமிழில் இருக்கிற இரட்டைக்கிளவி பாதி இந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. வல்லினத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் நம் காதுக்கு ஒரு ஆள் தெரிவதில்லை, உருண்டு போகிற பாத்திரம்தான் தெரிகிறது. டகரத்தில் தொடங்கினால் இன்னும் மோசம். தொல்காப்பியப்படி டகரம் சொல்லுக்கு முதலில் வரக்கூடாது, அதனால் டமார், டுமீல் என்று சத்தமும் வெளியூர்ச் சொல்லும்தான் அங்கே குடியிருக்கின்றன.

கூப்பிடுவதிலும் அந்தப் பெயர் காலை வாரியது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் ஆத்திரத்தோடு கத்த வேண்டும். “டேய் கோட்டப்பா!” என்றான். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அன், அப்பன் என்று முடிகிற பெயரெல்லாம் விளியில் இப்படித்தான் குழைந்துவிடும். எழுதுகிறவன் தாளில் இருக்கிற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியாது.

இரண்டாவதாக ஆளவந்தார் என்று மாற்றினேன். ஓசை அருமை. நீண்ட ஆகாரம், நாக்கை மடிக்கிற ளகரம், மரியாதை விகுதி பெயருக்குள்ளேயே இருப்பதால் திட்டுகிறவன்கூட மரியாதையாகத்தான் திட்ட வேண்டும். ஆனால் ராயபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு தாத்தா கேட்டதும் உச்சுக்கொட்டினார். 1952-இல் கொலையான ஆளவந்தாரின் உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரை போனதும், தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்ததும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். “அந்தப் பேர கேட்டா பாவமா கீதுபா” என்றார். ஓசை பயமுறுத்தியும் ஊரின் ஞாபகம் அதைக் கெடுத்துவிட்டது. அந்தப் பெயரையும் விட்டேன்.

மூன்றாவது பெயர் வேதாசலம். கேட்டால் தர்மகர்த்தா மாதிரி இருக்கும். சொல்லிப் பாருங்கள். வே, தா என்று இரண்டு நெடில் வரிசையாக வருவதால் அவசரமாகச் சொல்ல முடியாது, சொல்கிறவனை அது நிதானப்படுத்திவிடும். தகரமும் சகரமும் உயிர்களுக்கு நடுவில் கரைந்து காற்றாகிவிடுகின்றன. கடைசியில் மகர ஒற்று, பெயர் முடியும்போது உதடு மூடிக்கொள்கிறது. முக்கியமாக, ரகசியக் குரலில் சொன்னாலும் கெடாது. கட்டாரி கோட்டப்பனைக் குசுகுசுவென்று சொன்னால் எச்சில்தான் தெறிக்கும். கத்திச் சொல்கிற இடத்தில் எந்தப் பெயரும் கொஞ்சம் மிரட்டும், பயந்தவன் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெயர் ஒன்றே போதாது, பக்கத்தில் இருப்பவர்களையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. கதாநாயகனின் நண்பனுக்கு வேணு என்று வைத்திருந்தேன். குழாய் ஒலிபெருக்கியில் “வே” என்று கேட்டதும் பாதிப் பேர் வில்லன் வருகிறான் என்று திரும்பினார்கள். வேணுவை மணி ஆக்கினேன். மற்றவர்களும் பாபு, சாந்தி, குமாரு என்று இரண்டு மூன்று எழுத்தில் அடங்கினார்கள், நடுவில் அவன் ஒருவனுக்குத்தான் நீளப் பெயர். பட்டம் எதுவும் கிடையாது. பட்டம் வைத்தால் அவனைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் காட்சியில் அவன் வரவே மாட்டான். சாந்தி விளக்கைக் குறைத்துவிட்டு, “வேதாசலம் வந்துகீறாரு” என்று மட்டும் சொல்வாள். பொங்கலன்று அந்த வசனம் வந்தபோது முன்வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பையன் எழுந்து போய் அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டான். தகர டின் தட்டிய அதே பையன்.

மறுவாரம் எங்கள் பகுதியில் நிஜமாகவே வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தவர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “இன்னா கோதண்டம், என்னிய வச்சி நாடகம் போட்டியாமே” என்றார். அவர் பெயருக்கும் வேதாசலத்துக்கும் ஒரு எழுத்துகூடச் சம்பந்தம் இல்லை. அவர் பெயர் மிக மென்மையானது, இன்றைக்கும் எழுதத் துணிவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவர் பெரிய எழுத்தாளராக இருக்கலாம். போட்டி விதிகளைத் திரும்ப அச்சிடும்போது அந்த எடுத்துக்காட்டிலிருந்து கொருக்குப்பேட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள், கோதண்டம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரைச் சரியாகப் போடவும். மூன்று வருடத்துக்கு முன்னால் ‘கோதண்டன்’ என்று போட்டுவிட்டீர்கள், அன்றிலிருந்து டீக்கடையில் கோதண்டா, கோதண்டா என்கிறார்கள். மகர ஒற்று. சென்ற இதழில் வில்லனுக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
கோதண்டம்,
கொருக்குப்பேட்டை, சென்னை.