நிறுத்தாமல் போனால் சுடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு செய்தியைப் பற்றி எழுதுகிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரம் இரவில் வரும். பொலிஸார் கைகாட்டி மறிப்பார்கள். அது நிற்காது. 'நிறுத்தாமல் சென்றதால் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது' என்று செய்தி முடிந்துவிடும். சில்லு மட்டும் சேதமானால் நாலு வரி, ஆள் காயப்பட்டால் எட்டு வரி. 2017 ஜூலையில் வடமராட்சி கிழக்கில் மணல் வாகனம் ஒன்றை நோக்கிச் சுட்டதில் ஓர் இளைஞன் இறந்தபோதுதான் விடயம் பெரிதானது, பொலிஸாரும் கைதானார்கள். ஆள் சாகாத இடங்களில் அந்த 'சென்றதால்' என்பதையே காரணமாக எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். சட்டப்படி அது காரணமே இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணல் கள்ளருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கனகராயன் ஆற்றங்கரையில் வயல் வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும், கரை எப்படி இடிந்து போகிறது என்று. பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடித்து நீதவான் முன் நிறுத்தினால் சுரங்க, கனியச் சட்டத்தின் கீழ் கிடைக்கக்கூடியது தண்டப்பணம், சிறை, வாகனம் பறிமுதல். நீதிமன்றமே கொடுக்க முடியாத மரண தண்டனையை வீதியோரத்தில் ஒரு கான்ஸ்டபிள் எப்படிக் கொடுக்கலாம்?

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் சேர்ந்தது. அதன் 6ஆம் உறுப்புரை எவரது உயிரும் எதேச்சையாகப் பறிக்கப்படலாகாது என்கிறது. எது எதேச்சை என்பதை 1990 இல் ஹவானாவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோட்பாடுகள் விளக்குகின்றன. ஒருவருடைய உயிருக்கோ உடலுக்கோ பாரதூரமான ஆபத்து உடனடியாக வரும்போதுதான் துப்பாக்கி எடுக்கலாம், அதுவும் வேறு வழி போதாதபோது மட்டும். முதலில் தாம் பொலிஸ் என்று சொல்ல வேண்டும். சுடப்போவதாக எச்சரித்து, அதைக் கேட்டு அடங்குவதற்கு நேரமும் கொடுக்க வேண்டும். எச்சரிப்பதாலேயே பொலிஸாருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து வரும், அல்லது அந்த நிலைமையில் எச்சரிப்பது வெளிப்படையாகவே பொருத்தமற்றது, பயனற்றது என்றால்தான் விலக்கு. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2018 இல் வெளியிட்ட 36ஆவது பொதுக் கருத்துரை இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: மற்றவர்களின் உயிருக்கு ஆபத்தில்லாத சந்தேக நபரோ தண்டனைக் கைதியோ தப்பியோடுவதைத் தடுக்க உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தைப் பாவிக்க முடியாது. ஆள் தப்பிப் போய்விடுவான் என்றாலும் முடியாது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க பல்கேரிய வழக்கு ஒன்று நல்ல உதாரணம். கட்டாய இராணுவ சேவையில் இருந்த இரண்டு இளைஞர்கள், இருவருக்கும் 21 வயது, அடிக்கடி சொல்லாமல் கொள்ளாமல் போனதற்காகச் சில மாதத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். 1996 ஜூலையில் வேலைத்தளத்தில் இருந்து ஓடி, லெசுரா என்ற கிராமத்தில் ஒருவனுடைய பேத்தியார் வீட்டில் போய் இருந்தார்கள். ஆயுதம் இல்லை, வன்முறைக் குற்றமும் இல்லை. இராணுவப் பொலிஸார் வீட்டைச் சுற்றினார்கள், இருவரும் யன்னலால் குதித்து ஓடினார்கள். மேஜர் ஒருவர் நிற்கச் சொல்லிக் கத்திவிட்டு கலாஷ்னிகோவ் துப்பாக்கியைத் தொடர் வேட்டில் வைத்துச் சுட்டார். இருவரும் இறந்தார்கள்.

பல்கேரிய வழக்குத்தொடுநர் கோப்பை மூடிவிட்டார். அங்கிருந்த விதியின்படி எச்சரித்த பிறகும் நிற்காதவரைச் சுடலாம், மேஜர் எச்சரித்தார், ஆகவே சரி. நம் ஊர்ச் செய்தியின் தர்க்கமும் இதேதான். 2005 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் அதை ஏற்கவில்லை. ஆபத்தில்லாதவர்கள் என்று தெரிந்தவர்களைச் சுட எந்த எச்சரிக்கையும் அனுமதி ஆகாது என்றது. அப்படிச் சுட இடம்கொடுத்த விதியே உயிர் வாழும் உரிமைக்கு முரண் என்றது. நான் மிகவும் மதிப்பது அதற்கு அடுத்த பகுதியை. ஒருவனுக்குக் குண்டு பட்டது முதுகில் இல்லை, நெஞ்சில். ஓடியவனுக்கு நெஞ்சில் எப்படிப் பட்டது? வெற்றுத் தோட்டாக்கள் பக்கத்து வீட்டு வளவில், அவன் விழுந்த இடத்தில் இருந்து சில மீற்றரில் கிடந்தன. புலனாய்வாளர் வரைந்த படத்திலோ தேவையான அளவுகள் இல்லை. யாரும் கேட்கவுமில்லை. விசாரணை இப்படி நடந்ததே தனியாக ஓர் உரிமை மீறல் என்று நீதிமன்றம் தீர்த்தது.

அந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் நம் அரசியலமைப்பின் 13(4)ஆம் உறுப்புரை, தகுதியான நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவரும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்கப்படலாகாது என்கிறது. பயாகல பொலிஸ் நிலையத்தில் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்த ஒருவருடைய மனைவி தொடுத்த வழக்கில் 2003 இல் உயர் நீதிமன்றம், உயிர் வாழும் உரிமை என்று தனியாக எழுதாவிட்டாலும் அது அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது என்று தீர்த்தது. உயிரோடிருப்பவரின் மனு உரிமை அவர் இறந்தபின் மனைவிக்கு வரும் என்பதும் அந்த வழக்கில்தான் நிலைநாட்டப்பட்டது. கைதுசெய்யும்போது நியாயமாகத் தேவைப்படும் பலத்தைத்தான் பாவிக்கலாம் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் சொல்கிறது.

சரி, உழவு இயந்திரத்தைப் பொலிஸார் மேல் ஏற்ற வந்தால்? அப்போது நிலைமை வேறு. வாகனமும் ஆயுதம்தான். விலக வழியில்லாமல் முன்னே நிற்பவர் தன் உயிரைக் காக்கச் சுட்டால் விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் வாகனம் அவரைத் தாண்டிய அந்தக் கணமே ஆபத்தும் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு பின்னால் நின்று சுடுவது தற்காப்பு இல்லை, தப்பவிடாமல் தடுப்பது. ஆகவே 'மோத வந்தார்கள்' என்ற வாக்குமூலம் வந்தால் கேட்க வேண்டியது, குண்டு வாகனத்தின் முன்பக்கத்தால் உள்ளே போனதா பின்பக்கத்தால் போனதா என்பதுதான்.

சில்லுக்குச் சுட்டோம் என்பதையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவருக்கு முதலில் தெரிவது மணல் பெட்டி. இயந்திரத்தின் பெரிய சில்லுகள் அதற்கு முன்னால் இருக்கின்றன. சாரதியின் ஆசனம் அந்த இரண்டு சில்லுகளுக்கும் நடுவில், கூடப்போகிற பொடியன் மட்காட்டில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இருப்பான், இன்னும் இரண்டு பேர் மண்வெட்டியோடு மணலின் மேல். கிரவல் வீதியில் பெட்டி துள்ளிக்கொண்டு போகும். அந்த இருட்டில் ரி-56 ஒன்றின் குழல் ஒரு விரல் அளவு உயர்ந்தால் போதும், சில்லுக்கு வைத்த குறி முதுகுக்குப் போய்விடும். சுடுபவர் எதை நோக்கினார் என்பதைவிட, தான் யாரைக் கொல்லக்கூடும் என்று தெரிந்து சுட்டார் என்பதுதான் பெரிய கேள்வி. சில்லுக்கு வைத்த வேட்டும் உயிரைப் பறிக்கக்கூடிய பலம்தான்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தை ஒரு மோட்டார் சைக்கிள் முந்தும். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் அது எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று அந்தந்தப் பொலிஸ் நிலையத்துக்குத் தெரியும். அடுத்த மறிப்புக்கு அறிவிக்கலாம், மறுநாள் காலையில் உரிமையாளரின் வீட்டுக்கே போகலாம். இலக்கத்தகடு இல்லாமல் ஓடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ஊரில் அது யாருடைய இயந்திரம் என்று தெரியாத ஆள் இருக்கமாட்டார்.

நான் நீதிமன்றக் காரியாலயத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். இறந்தவரின் வீட்டார் மரண விசாரணைக்கு வரும்போது அழுதுகொண்டு வருவார்கள், சடலத்தைக் கெதியில் தந்தால் போதும் என்றிருக்கும். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பதிய வேண்டியவை அந்த ஒன்றிரண்டு நாளிலேயே பதியப்பட வேண்டும். குண்டு எந்தப் பக்கத்தால் உள்ளே போய் எந்தப் பக்கத்தால் வெளியே வந்தது என்பதைச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை சொல்லும். மிக அருகில் வைத்துச் சுட்டிருந்தால் காயத்தைச் சுற்றிக் கரியும் வெடிமருந்துப் புள்ளிகளும் இருக்கும். அதனால் போட்டிருந்த சேட்டைக் கழுவவோ எரிக்கவோ கூடாது, அதுவும் சான்று. உழவு இயந்திரத்தைத் திருத்தக் கொடுக்கவும் கூடாது. பெட்டித் தகட்டில் இருக்கும் ஓட்டை, எங்கே நின்று சுட்டார்கள் என்பதைக் காட்டும். வெற்றுத் தோட்டாக்கள் கிடந்த இடத்தை அளந்து படம் வரைய வேண்டும். அன்று எத்தனை தோட்டாக்கள் கொடுக்கப்பட்டன, எத்தனை திரும்பி வந்தன என்று பொலிஸ் நிலையப் பதிவேடு சொல்லும். காயப்பட்டவரை எத்தனை மணிக்கு வைத்தியசாலையில் சேர்த்தார்கள் என்பதும் முக்கியம். உடனே வைத்திய உதவி கொடுப்பதும் ஹவானாக் கோட்பாடுகளில் உள்ள கடமை. இதையெல்லாம் சுட்டவர்களின் பொலிஸ் நிலையமே தேடி எடுக்கும் என்று விட்டுவிடக்கூடாது. வேறு பிரிவொன்று விசாரிக்க வேண்டும் என்று நீதவானிடம் சட்டத்தரணி மூலம் கேட்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிரதேச நிருபர் அடுத்த முறை இப்படியொரு செய்தி அனுப்பும்போது, பொலிஸ் பேச்சாளர் சொன்னதற்குக் கீழே இரண்டு கேள்விகளுக்கும் விடை கேட்டு எழுதச் சொல்லுங்கள்: வேட்டு வைக்கும்போது வாகனம் வந்துகொண்டிருந்ததா, போய்க்கொண்டிருந்ததா? குண்டு எங்கே பட்டது? விடை தர மறுத்தால் மறுத்தார்கள் என்றே போடலாம்.

கூடவே கீழே சின்னதாக ஒரு குறிப்பும் போட்டால் நல்லது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எட்டு, முப்பத்தொன்று என்று சடங்குகள் முடித்துவிட்டு வரும்போது அந்த மாதம் போய்விடுகிறது. அதே ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்ததோடு விடக்கூடாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததா என்று உயர் நீதிமன்றம் கேட்ட வழக்குகள் உண்டு. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்,
கிளிநொச்சி.
(பெயரைத் தவிர்க்கவும்.)