பயிற்சிப் புத்தகத்தின் கழித்தல் பகுதியில் உள்ள பிழை பற்றிய புகார்

ஹட்டன்

முகாமையாளர்,
வெளியீட்டுப் பிரிவு.

ஐயா / அம்மணி,

தரம் 3 பிள்ளைகளுக்காக நீங்கள் வெளியிட்ட கணிதப் பயிற்சிப் புத்தகத்தைப் போன மாதம் ஹட்டன் கடையொன்றில் வாங்கினேன். சந்தையிலும் பஸ்ஸிலும் நடப்பதை வைத்துக் கணக்குப் போட்டிருந்ததால்தான் அதை எடுத்தேன். ஆனால் அதன் கழித்தல் பகுதி என் மகளைக் குழப்பிவிட்டது. எப்படி என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் பஸ் கணக்கு. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் 52 பேர். தலவாக்கலையில் 27 பேர் இறங்கினால் மீதி எத்தனை பேர்? மகள் 35 என்று எழுதினாள். 2-இலிருந்து 7 போகாது என்றதும், இரண்டையும் புரட்டி 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டுவிட்டாள். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் செய்கிற பிழை இது, அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. 35-உம் 27-உம் கூட்டினால் 62 வரும், பஸ்ஸில் இருந்ததே 52 பேர்தானே என்று காட்டினேன். உடனே புரிந்துகொண்டாள்.

அப்புறம் உங்கள் விளக்கத்தை வாசித்தோம். “போதாவிட்டால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று இருந்தது. மகள் கேட்டாள், “அம்மா, அந்தக் கடனை எப்ப திருப்பிக் கொடுக்கிறது?” கடைக் கொப்பியில் கடன் எழுதி, சம்பளத்தன்று கட்டுவதைப் பார்த்து வளரும் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? இந்தக் கணக்கில் யாரும் கடன் வாங்குவதில்லை. 52 என்பது 5 பத்துகளும் 2 ஒன்றுகளும். ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக மாற்றினால் 4 பத்துகளும் 12 ஒன்றுகளும் ஆகிறது. ஆட்கள் அதே 52 பேர்தான். 12-இல் 7 போனால் 5, 4 பத்தில் 2 பத்து போனால் 2 பத்து. விடை 25. “மாற்றுதல்” என்று எழுதியிருந்தால் அவளுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஆனாலும் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் அடுத்த பக்கத்து சந்தைக் கணக்குத்தான். அம்மா 265 ரூபாவுக்கு லீக்ஸும் கரட்டும் வாங்கி, 500 ரூபாய்த் தாளைக் கொடுக்கிறார். மிச்சம் எவ்வளவு? மகளும் நானும் இதைக் காசை வைத்தே செய்தோம். ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்தேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு பத்து பத்து ரூபாய்க் குற்றிகள் கொடுத்தேன். அதில் ஒரு குற்றியை எடுத்துக்கொண்டு, ஒரு ரூபாய்க்கு ஒரு கொட்டை என்று பத்து புளியங்கொட்டைகள் வைத்தேன். இப்போது மேசையில் 4 நூறு, 9 பத்து, 10 ஒன்று. அதிலிருந்து 265-ஐ எடுத்தாள். மீதி 235. எழுதி முடித்தபோது பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு விடைப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே 245 என்று இருந்தது. எதுவும் பேசாமல் தன் சரியான விடையை அழித்துவிட்டு 245 என்று எழுதினாள்.

இது அச்சுப் பிழையோ என்று பார்த்தேன், இல்லை. செய்து காட்டிய வழியிலேயே பிழை. நூறுகளின் இடத்திலிருந்து ஒன்றை எடுத்து 4 ஆக்கி, பத்துகளின் இடத்தில் 10 போட்டு, ஒன்றுகளின் இடத்திலும் 10 போட்டிருக்கிறீர்கள். ஒன்றுகளுக்குக் கொடுத்த பத்தை, பத்துகளின் இடத்தில் குறைக்கவே இல்லை. 4 நூறும் 10 பத்தும் 10 ஒன்றும் சேர்ந்தால் 510 ரூபாய். 245-ஐயும் 265-ஐயும் கூட்டினாலும் அதே 510. இங்கே மரக்கறிக்காரர் மிச்சம் கொடுக்கும்போது மேல் நோக்கி எண்ணுவார்: 265-க்கு 5 வைத்தால் 270, 30 வைத்தால் 300, 200 வைத்தால் 500. 5, 30, 200, மொத்தம் 235. அச்சுக்கு அனுப்பும் முன் ஒருவர் இப்படி எண்ணியிருந்தால் போதும், பிழை பிடிபட்டிருக்கும்.

நடுவில் பூச்சியம் வரும் கணக்குத்தான் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டம். அதற்கு நீங்கள் கொடுத்திருப்பது இந்த ஒரே மாதிரிக் கணக்கு, அதுவும் பிழை. இரண்டு இலக்க பஸ் கணக்கிலிருந்து நேரே 500-க்குத் தாவாமல், இடையில் 340-இலிருந்து 165 போன்ற சில கணக்குகளைக் கொடுத்திருக்கலாம். அதில் ஒரு பத்தையும் ஒரு நூறையும் மாற்ற வேண்டும், ஆனால் பூச்சியத்தைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியதில்லை.

எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். மாலை வகுப்பில் மேலும் 11 பிள்ளைகள் இதே புத்தகத்தை வைத்திருக்கிறார்கள். ஆகவே என் காசைத் திருப்பித் தருவது மட்டும் போதாது. அந்தப் பக்கத்தையும் விடைப் பக்கத்தையும் திருத்தி அச்சிட்டு, புத்தகம் விற்கும் கடைகளுக்கு அனுப்புங்கள். வாங்கிச் சென்றவர்கள் அங்கே வந்து பெற்றுக்கொள்ளட்டும். கைவசம் உள்ள பிரதிகளில் திருத்தத்தை ஒட்டாமல் விற்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பதில் வேண்டும். அந்த இரண்டு பக்கங்களின் பிரதியையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தரம் 3 மாணவியின் தாய்